பாரி பாசு: சமபங்கா, ஒருநிரையா?

மங்கை:
நொடிப்புச் சட்டத்தின் (2016) 53-ஆம் பிரிவைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். கம்பெனியைக் கலைத்து விற்ற பணத்தில் நடைமுறைச் செலவு முதலில் முழுதாகப் போய்விடும். அடுத்த படியில் தொழிலாளர்களின் 24 மாத நிலுவையும், பிணையை விட்டுக்கொடுத்த வங்கியின் கடனும் ஒன்றாக நிற்கின்றன. வக்கீல்கள் இதைப் பாரி பாசு என்பார்கள். ‘சமபங்கு’ என்று போட்டிருக்கிறேன். சரிதானே?

சுந்தரம்:
வேண்டாம். செலவு போக 10 கோடி மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொழிலாளர் நிலுவை 5 கோடி, வங்கிக் கடன் 45 கோடி. சமபங்கு என்று படிப்பவர் ஆளுக்கு 5 கோடி என்று நினைப்பார். உண்மையில் 50 கோடிக்கு 10 கோடிதான் இருப்பதால், ரூபாய்க்கு 20 காசு வீதம் தொழிலாளர்களுக்கு 1 கோடி, வங்கிக்கு 9 கோடி.

ரஃபீக்:
அப்படியென்றால் ‘வீதப் பங்கு’ போதுமே. வேலை முடிந்தது.

சுந்தரம்:
பாதி சரி. பணம் பற்றாதபோதுதான் வீதம். 60 கோடி வந்திருந்தால் இருவருக்கும் முழுதாகவே கிடைக்கும்; அப்போதும் அவர்கள் ஒரே படியில்தான் நிற்கிறார்கள். நிற்கும் இடத்துக்கு ஒரு சொல், பிரிக்கும் முறைக்கு இன்னொரு சொல் வேண்டும். முன்னதற்கு ‘ஒருநிரை’, பின்னதற்கு ‘வீதப் பகிர்வு’ என்பேன்.

ராஜு:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் வேலை பார்த்த நூற்பாலையும் கலைப்பில் இருக்கிறது. மேற்பார்வையாளராக இருந்தேன். மூன்று வருடச் சம்பளப் பாக்கியில் 24 மாதத்துக்கு எனக்கு வருமா? பி.எஃப். என்ன ஆகும்?

சுந்தரம்:
ராஜு சார், சட்டப்படி நீங்கள் ‘தொழிலாளர்’ வரையறைக்குள் வருகிறீர்களா என்று முதலில் பார்க்க வேண்டும். வராவிட்டால் அதற்கு அடுத்த படி, அதுவும் 12 மாதப் பாக்கிக்குத்தான். மேலே சொன்ன கணக்கில் 10 கோடியும் முந்தைய படியிலேயே தீர்ந்துவிடுகிறது, கீழே ஒன்றும் இறங்காது. பி.எஃப். நிதியில் உங்களுக்குச் சேர வேண்டியது வேறு, அது கலைப்புச் சொத்தில் சேராது. கலைப்பாளரிடம் உரிமைக் கோரிக்கையைக் கெடுவுக்குள் கொடுத்துவிடுங்கள்.

மங்கை:
வங்கி பிணையை விட்டுக்கொடுக்காமல் தானே விற்றுக்கொண்டால்?

சுந்தரம்:
விற்றும் தீராத மிச்சக் கடன் அரசு வரிப் பாக்கியோடு கீழே போய் நிற்கும். அங்கேயும் ஒருநிரைதான். அதனால்தான் இந்தச் சொல் தொழிலாளர் படிக்கு மட்டும் பொருந்துவதாக இருக்கக்கூடாது.

ரஃபீக்:
‘ஒருநிரை’ சங்கப் பாட்டு வாடை அடிக்கிறது. கடன்காரர் கூட்டத்தில் நூல் வியாபாரிக்குப் புரியுமா? ‘சமநிலை’ இருக்கட்டும்.

மங்கை:
சமநிலை என்றால் தராசுத் தட்டு போல இரு பக்கமும் ஒரே தொகை என்ற எண்ணம் திரும்ப வந்துவிடும். ‘வீதப் பகிர்வு’ எடுத்துக்கொள்கிறேன். நிற்கும் இடத்துக்கு இப்போதைக்கு ‘ஒரே படி’ என்று எழுதி வைக்கிறேன், வேறு யாராவது சொல்லுங்கள்.