கலைச்சொல் தேவை: எமோஜியைக் கொண்டு மாணவரைத் துன்புறுத்துவதற்குத் தமிழில் என்ன பெயர்?

செல்வி எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம். பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோருக்கான கையேடு ஒன்றைத் தமிழில் எழுதி வருகிறேன். அதில் ஓர் இயல், சொல் எதுவும் எழுதாமல் ஆமை, பாம்பு போன்ற எமோஜிகளை மட்டும் போட்டு ஒரு மாணவரைக் குழுவாகச் சேர்ந்து துன்புறுத்துவதைப் பற்றியது. 'உணர்ச்சிக்குறித் தாக்குதல்' என்று முதலில் எழுதினேன். படித்துப் பார்த்த தோழி, போர்ச் செய்தி போல இருக்கிறது என்றார். சொல் சுருக்கமாக இருக்க வேண்டும். ஒருமுறை கேலி செய்வதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடும் அதில் தெரிய வேண்டும்.

இளங்கோவன் எழுதியது:

எமோஜி என்பது 'எமோஷன்' என்ற சொல்லிலிருந்து வந்தது. ஆகவே 'உணர்' என்ற வேர் கட்டாயம் இடம்பெற வேண்டும். 'உணர்குறிச் சீண்டல்' என்பது என் பரிந்துரை. அல்லது நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் 'சித்திரவதை' என்பதையே எடுத்துக்கொண்டால் என்ன? சித்திரத்தால் செய்யும் வதை! இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்குமா?

நல்லசிவம் எழுதியது:

இளங்கோவன் ஐயாவின் குறும்பை இரசித்தேன். ஆனால் சித்திரவதையில் உள்ள சித்திரம் ஓவியம் அன்று; பலவகைப்பட்டது என்ற வடமொழிப் பொருளில் வந்தது. பலவிதமாக வதைப்பதே சித்திரவதை. அச்சொல் காவல் நிலையக் கொடுமைகளுக்கு நிலைத்துவிட்டது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் மீது அதை ஏற்றக் கூடாது.

எமோஜிக்கும் எமோஷனுக்கும் பிறப்புறவு இல்லை. ஜப்பானிய மொழியில் 'எ' என்றால் படம், 'மொஜி' என்றால் எழுத்து. ஒலி ஒத்திருப்பது தற்செயல். 'படவெழுத்து' என்று நேராகவே சொல்லிவிடலாம். இங்கே அது கூடுதலாகவும் பொருந்துகிறது, ஏனெனில் நாம் பேசும் ஆமைப் படத்திலோ பாம்புப் படத்திலோ உணர்ச்சி ஏதும் இல்லை. அதை எழுத்தைப் போல ஒரு பெயராகவே பயன்படுத்துகிறார்கள்.

இரண்டாம் பாதிக்கு 'எள்ளல்' என்பதைக் கருதலாம். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை பிறக்கும் நான்கு நிலைக்களன்களில் எள்ளலைத்தான் முதலில் வைக்கிறது. 'படவெழுத்து எள்ளல்' என்பது என் முன்மொழிவு.

பாஸ்கரன் எழுதியது:

மன்னிக்கவும், சொல்லைவிட அவசரமான ஒன்றைக் கேட்கிறேன். எமோஜிகளின் மறைபொருள் பட்டியல் ஒன்று எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. அதைப் படித்த அன்றிரவே என் மகனின் கைப்பேசியைப் பார்த்தேன். அவன் நண்பன் ஒரே நாளில் ஒன்பது முறை மண்டையோடு அனுப்பியிருந்தான். கொலை மிரட்டல் என்று நினைத்து அந்தப் பையனின் தந்தையை அழைத்துக் கடிந்துகொண்டேன். இப்போது என் மகன் என்னோடு பேசுவதில்லை. யாரேனும் முழுமையான, சரியான பட்டியல் ஒன்றைத் தர முடியுமா?

மரியா எழுதியது:

பாஸ்கரன் ஐயா, நான் பள்ளி ஒன்றில் மாணவர் உளநல ஆலோசகராக இருக்கிறேன். அந்த மண்டையோடு பெரும்பாலும் 'சிரித்தே செத்தேன்' என்ற பொருளில்தான் பிள்ளைகளிடம் புழங்குகிறது. சரியான பட்டியல் என்று ஒன்று கிடையாது. வகுப்புக்கு வகுப்பு, மாதத்துக்கு மாதம் பொருள் மாறும். படம்கூட மாறும். ஆப்பிள் நிறுவனம் 2016இல் துப்பாக்கி எமோஜியை நீர்த்துப்பாக்கியாக வரைந்தது; மற்ற பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் 2018இல்தான் மாற்றின. இடைப்பட்ட காலத்தில் ஒரு பிள்ளை விளையாட்டுப் பொருளாக அனுப்பியது, இன்னொரு பிள்ளையின் திரையில் உண்மைத் துப்பாக்கியாகத் தெரிந்திருக்கும்.

படத்தின் பொருளை விட்டுவிட்டு, அது யாருக்கு, யாரிடமிருந்து, எத்தனை முறை வருகிறது என்று பார்க்க வேண்டும். அடையாளங்களை மறைத்து ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். செல்வி தேடும் சொல்லுக்கும் இது உதவலாம்.

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி வகுப்பில் ஒரு செய்யுளை உரக்க வாசிக்கும்போது திக்கினாள். அன்று மாலை வகுப்புக் குழுவில் அவள் வீட்டுப்பாடம் பற்றிக் கேட்ட கேள்வியின் அடியில், எதிர்வினையாக ஓர் ஆமைப் படம் 🐢 விழுந்தது. மறுநாள் இரண்டு ஆமைகள். இரண்டு வாரத்தில் அவள் எழுதியவை 14 செய்திகள். அவற்றில் 11இன் கீழ் ஆமை இருந்தது. அதே நாள்களில் மற்றவர்கள் எழுதிய முந்நூற்றுக்கும் மேற்பட்ட செய்திகளில் மூன்றில் மட்டுமே ஆமை வந்திருந்தது. அந்த மூன்றும் அவளுக்குப் பதில் சொன்னவர்களின் செய்திகள். தொடக்கத்தில் பதில் சொன்ன தோழிகள் இருவரும் ஐந்தாம் நாளுக்குப் பிறகு எதுவும் எழுதவில்லை.

முதல் வார இறுதியிலேயே தாய் புகார் கொடுத்திருந்தார். வகுப்பாசிரியர் முறையாகவே செயல்பட்டார்: குழுவின் உரையாடலை ஏற்றுமதி செய்து தரச் சொல்லி, முழுவதையும் அச்சிட்டு வாசித்தார். அதில் ஒரு வசைச்சொல்கூட இல்லை. ஆமையும் இல்லை! வாட்ஸ்அப்பில் அவ்வாறு எடுக்கும் கோப்பில் செய்திகள் வருமே தவிர, செய்தியின் அடியில் ஒட்டப்படும் எதிர்வினைகள் வருவதில்லை. 'குழு அமைதியாகத்தான் இருக்கிறது' என்று தாயிடம் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பிறகு அந்தப் பெண் என்னிடம் வந்தபோது, அவளுடைய சம்மதத்தோடு, அவளருகில் உட்கார்ந்து கைப்பேசியிலேயே பார்த்தோம். ஒவ்வோர் ஆமையையும் தொட்டால் அதைப் போட்டவர்களின் பெயர்கள் திறக்கும். பதினொன்றிலும் அதே ஐந்து பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தன. செய்தி ஒரு படமாகவும், பெயர்ப் பட்டியல் ஒரு படமாகவும், நாளும் நேரமும் தெரியும்படி திரைப்பிடிப்பு எடுத்துக்கொண்டோம். இதைப் பிள்ளைகளை விசாரிக்கும் முன்பே செய்துவிட வேண்டும். நீக்கப்பட்ட செய்தி 'நீக்கப்பட்டது' என்ற தடத்தையாவது விட்டுச்செல்லும். திரும்பப் பெற்ற எதிர்வினை அதையும் விடாது. விசாரணை தொடங்கிய அன்று மாலைக்குள் ஆமைகளில் பெரும்பாலானவை மறைந்துவிட்டன.

இளங்கோவன் எழுதியது:

மரியா அம்மையார் சொல்வதை ஏற்கிறேன். அப்படியானால் எளிய விதி ஒன்று கிடைத்துவிட்டது அல்லவா? அதே படத்தைப் பெற்றவரும் திருப்பி அனுப்பினால் அது நட்பு. திருப்பி அனுப்பாவிட்டால் வதை. பாஸ்கரன் அவர்களின் மகனும் நண்பனுக்கு மண்டையோடு அனுப்பியிருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை.

பாஸ்கரன் எழுதியது:

அனுப்பியிருக்கிறான். அன்று நான் நண்பன் அனுப்பியவற்றை மட்டுமே எண்ணினேன். இவன் அனுப்பியவை பன்னிரண்டு.

மரியா எழுதியது:

பாஸ்கரன் ஐயாவின் வீட்டில் அது சரிதான். ஆனால் அதை விதியாக்கிவிட முடியாது. நான் சொன்ன பெண், ஒன்பதாம் நாள் முதல் தன் செய்திகளின் கடைசியில் தானே ஓர் ஆமையைப் போட்டுக்கொண்டு எழுதத் தொடங்கினாள். அதைக் கண்ட தாய், மகள் இதை விளையாட்டாக எடுத்துக்கொண்டுவிட்டாள் என்று ஆறுதல் அடைந்தாராம். பிறர் போடும் முன் நானே போட்டுவிட்டால் வலி குறையும் என்று அவள் கணக்கிட்டிருந்தாள். ஆகவே படத்தை முதலில் தொடங்கியது யார், அதைப் போட மறுத்தால் என்ன நடக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

உரையாடலில் வேறு சிலவும் தென்படும். முழு வாக்கியங்களாக எழுதிய பிள்ளை 'சரி', 'ம்' என்று சுருங்கிவிடும். கேள்வியைக் குழுவில் கேட்காமல் தனிச்செய்தியில் ஒருவரிடம் கேட்கும். எழுதிய சில நிமிடங்களில் தானே நீக்கும். அந்தப் பெண்ணின் 14 செய்திகளில் கடைசி நான்கும் ஒற்றைச் சொற்கள். இவை எல்லாம் வேறு காரணங்களாலும் வரலாம் என்பதால், நான் தனியாக எந்த ஒன்றையும் சான்றாகக் கொள்வதில்லை.

சொல்லைப் பற்றி: 'எள்ளல்' அழகானது, ஆனால் ஒருமுறை நிகழ்ந்தாலும் எள்ளல்தான். மாணவர்களிடையே நடக்கும் துன்புறுத்தல் பற்றிய ஆய்வுகளில் உளவியலாளர் டான் ஓல்வியஸ் வகுத்த மூன்று அடையாளங்களையே இன்றும் பின்பற்றுகிறோம்: வேண்டுமென்றே செய்வது, மீண்டும் மீண்டும் செய்வது, எதிர்க்க இயலாத ஒருவருக்குச் செய்வது. தமிழில் 'வதை' என்ற சொல்லில் இந்தத் தொடர்ச்சி தானாகவே இருக்கிறது.

நல்லசிவம் எழுதியது:

ஏற்கிறேன்; எள்ளலைத் திரும்பப் பெறுகிறேன். 'சீண்டல்' என்பதும் வேண்டாம். செய்தித்தாள்களில் அது பாலியல் குற்றத்தோடு ஒட்டிவிட்டது; பெற்றோர் தலைப்பைப் பார்த்ததும் வேறு பொருள் கொள்வார்கள். ஆனால் 'வதை' பற்றி ஒரு தயக்கம் உண்டு. பதின்மூன்று வயதுப் பிள்ளையை 'வதைத்தவன்' என்று குறிப்பேட்டில் எழுதும்போது அது எவ்வளவு கனமாக விழும் என்று ஆசிரியர்கள்தாம் சொல்ல வேண்டும்.

தமிழாசிரியை கயல்விழி எழுதியது:

முதலில், 'குறி' என்று முடியும் எதையும் வகுப்பறைக்கு அனுப்பாதீர்கள். நான் பலகையில் எழுதி முடிக்கும் முன் கடைசி வரிசை சிரித்துவிடும்.

'வதை' பற்றி நேற்று ஒன்பதாம் வகுப்பில் பேசிப் பார்த்தேன். அவர்கள் இதற்கு 'எமோஜி போட்டு ஓட்டுவது' என்கிறார்கள். பிடிபட்டால் சொல்வது 'சும்மா கலாய்த்தோம்' என்பதே. ஓட்டுவது என்று எதைச் சொல்வீர்கள், வதை என்று எப்போது சொல்வீர்கள் என்று கேட்டேன். ஒரு மாணவன், 'அவனே சிரிச்சா ஓட்டுறது, மிஸ்' என்றான். பின்வரிசையில் ஒருத்தி, 'சிரிக்கலைன்னா அடுத்த நாளும் போடுவாங்க, அதனால சிரிப்போம்' என்றாள். மரியா சொன்ன ஆமைதான் என் நினைவுக்கு வந்தது. வதை என்ற சொல்லின் கனத்தைக் குறைக்க வேண்டாம் என்பது என் கருத்து. குறிப்பேட்டில் பிள்ளையின் மீது பெயர் ஒட்டாமல் செயலைமட்டும் எழுதலாம்.

எனக்கொரு ஐயம். எவரும் எமோஜியே போடாமல் விடுவது இதில் சேருமா? பிறந்தநாள் வாழ்த்துக்குக் குழுவில் எல்லோருக்கும் முப்பது இதயங்கள் விழ, ஒரு பிள்ளைக்கு மட்டும் ஒன்றும் விழாமல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

மரியா எழுதியது:

அந்தப் பிள்ளைக்கு அதுவும் சமமாகவே வலிக்கும். ஆனால் விசாரிக்கும்போது, முப்பது பேர் சேர்ந்து முடிவு செய்தார்களா, மறந்துவிட்டார்களா என்று என்னால் பிரிக்க முடிந்ததில்லை. அதைப் புறக்கணிப்பு என்று தனியாக வைப்பதே எனக்கு எளிது.

நல்லசிவம் எழுதியது:

எழுத்தால் செய்யும் வதைக்கு வைத்த பெயர் எழுத்தே இல்லாத இடத்துக்குப் பொருந்தாது. ஆனால் கயல்விழி அவர்களின் கேள்வியை அப்படி இலக்கணத்தால் மூடிவிடவும் மனம் வரவில்லை.

செல்வி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. பெற்றோர் நாவில் 'எமோஜி' என்பதே வழங்குவதால் இயலின் தலைப்பில் 'எமோஜி வதை' என்றும், சொல்லடைவில் 'படவெழுத்து வதை' என்றும் வைக்கிறேன். விளக்கத்தை இப்படி எழுதியிருக்கிறேன்: 'ஒரே மாணவரின் செய்திகளைத் தேடி, அவரை இழிவுபடுத்தும் பொருளில், ஒரே படவெழுத்தையோ அதன் வேறு வடிவங்களையோ சிலர் மீண்டும் மீண்டும் இடுதல், பாதிக்கப்பட்டவரும் அதே படத்தை இடுவது இதை இல்லையென்று ஆக்காது.' மறைபொருள் பட்டியலை நீக்கிவிட்டேன். அந்தப் பக்கத்தில் எதிர்வினையைத் தொட்டுப் பெயர்களைத் திறந்து திரைப்பிடிப்பு எடுக்கும் முறை வருகிறது.

'தேடி' என்ற சொல்லில் மட்டும் எனக்கு நிறைவில்லை. 'குறிவைத்து' என்றுதான் முதலில் எழுதியிருந்தேன். கயல்விழியின் கடைசி வரிசையை நினைத்து மாற்றினேன். வேறு சொல் தோன்றினால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள்.