எதிக்ஸ் கமிற்றிக்கான ஆபத்து–நன்மைப் பகுதியை நான் சுருக்கிய கதை

வலிகாமம் ஆய்வு மாணவி

காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் தாய்மாருடைய மனநிலை பற்றியது என் ஆய்வு. யாழ்ப்பாண மாவட்டத்தில் வீடு வீடாகப் போய் நேர்காணலும், மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விகள் கொண்ட பீ.எச்.கியூ-9 வினாக்கொத்தும் செய்வதாகத் திட்டம். விண்ணப்பத்தின் ஆபத்து–நன்மைப் பகுதி இரண்டரைப் பக்கம் வந்தது. கமிற்றி அதைத் திருப்பி அனுப்பி, "சுருக்குங்கள், ஆனால் ஆபத்துகள் இன்னும் தெளிவாக வரவேண்டும்" என்று எழுதியிருந்தது. இரண்டையும் ஒருசேர எப்படிச் செய்வதென்று முதலில் விளங்கவில்லை.

அச்செடுத்து, ஆபத்தைச் சொல்லும் வரிகளை மட்டும் சிவப்புப் பேனையால் கோடிட்டேன். இரண்டரைப் பக்கத்தில் சிவப்பு நாலே வரிதான். மீதி முழுக்க ஆய்வின் முக்கியத்துவம், முந்தைய ஆய்வுகள், தரவைப் பூட்டிய அலுமாரியில் வைப்பது பற்றி மூன்று தரம். அந்த நாலு வரியிலும் ஒன்று இப்படி: "சிலருக்குச் சிறிதளவு அசௌகரியம் ஏற்படக்கூடும், எனினும் பயிற்சி பெற்றவர்களே நேர்காண்பதால் இது மிகக் குறைவு."

முன்பு, அனுமதி பெற்று நடந்த வேறொரு ஆய்வில் உதவியாளராகப் போயிருக்கிறேன். அங்கே ஒரு அம்மா நாங்கள் இருந்ததும் உள்ளே போய் பிளாஸ்ரிக் கோப்பு ஒன்றை எடுத்து வந்தா. மகனின் படம், அடையாள அட்டைப் பிரதி, எத்தனையோ அலுவலகங்களுக்குக் கொடுத்த கடிதங்களின் போட்டோப் பிரதிகள். ஒன்றொன்றாக விரித்துவிட்டு, "பிள்ளை, இதையும் எழுதிக்கொண்டு போங்கோ" என்றா. எங்களை விசாரிக்க வந்தவர்கள் என்றே அவ நினைத்திருந்தா. அந்த ஆய்வில் 20 பேரில் 4 பேர் இடையில் நிறுத்தச் சொன்னார்கள். இவ்வளவையும் கண்ணால் கண்ட நான்தான் "சிறிதளவு அசௌகரியம்" என்று எழுதியிருக்கிறேன்.

இப்போது அந்த இடம் இப்படி இருக்கிறது:

"பிள்ளையைப் பற்றிக் கதைக்கும்போது அழுகையும் படபடப்பும் வரலாம், பிறகு சில நாள் நித்திரை குழம்பலாம். இதை ஒத்த முந்தைய ஆய்வில் 20 பேரில் 4 பேர் நேர்காணலை நிறுத்தினர். நிறுத்தக் கேட்டால் உடனே நிறுத்துவோம். மறுநாள் தொலைபேசியில் விசாரிப்போம். அப்படிச் செய்தாலும் துயரம் கிளறப்படுவதைத் தவிர்க்க முடியாது."

முழுப் பகுதியும் ஒரு பக்கத்துக்குள் வந்தது. எழுதிய ஆபத்துகளோ இரண்டிலிருந்து நாலாகின. உங்கள் அனுபவங்களையும் சொல்லுங்கோ.

ஓய்வுபெற்ற விரிவுரையாளர்

ஒரு கமிற்றியில் சில வருடங்கள் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். தங்கச்சி, கடைசி வசனத்தை விடாமல் வைத்திருந்தது நல்லது. நாங்கள் தேடுவது அதைத்தான். பாதுகாப்பு நடவடிக்கையை எல்லோரும் எழுதுவார்கள். அதற்குப் பிறகும் மிஞ்சுவது என்ன என்பதை எழுதுபவர்கள் குறைவு. ஆபத்தையும் நடவடிக்கையையும் "எனினும்" போட்டு ஒரே வசனத்தில் கட்டினால் வாசிப்பவரின் மனத்தில் தங்குவது பின்பாதிதான். தனித்தனி வசனமாக வையுங்கள். பிறகு நடவடிக்கை வசனங்களைக் கையால் மறைத்துவிட்டு மிச்சத்தை வாசியுங்கள். ஆபத்து சொந்தக் காலில் நிற்கிறதா என்று அப்போது தெரியும்.

உங்கள் ஒன்பதாவது கேள்வி, அதுதான் உயிரை விடும் எண்ணம் பற்றியது, அதற்கு என்ன எழுதினீர்கள்?

வலிகாமம் ஆய்வு மாணவி

மொத்தப் புள்ளி 15க்கு மேல் என்றால் மனநலக் கிளினிக்குக்கு அனுப்புவோம் என்று எழுதினேன், சேர்.

ஓய்வுபெற்ற விரிவுரையாளர்

அது போதாது. மொத்தம் 6 வந்த ஒருவர் ஒன்பதாவதில் 2 சொல்லியிருக்கலாம். அவரை உங்கள் விதி பிடிக்காது. இன்னொன்று, புள்ளியை எங்கே கூட்டுகிறீர்கள்? ஒரு விண்ணப்பத்தில் வினாக்கொத்துகளைக் கட்டிவந்து வார முடிவில் கணினியில் ஏற்றுவதாக இருந்தது. அதற்குள் ஆறு நாள் போய்விடும். ஒன்பதாவது விடையை அந்த வீட்டைவிட்டு வெளிக்கிட முன்னரே பாருங்கள். 0 இல்லையென்றால் அங்கேயே மேலும் விசாரியுங்கள், மேற்பார்வையாளருக்கு அழையுங்கள். 1926 என்ற மனநல உதவித் தொலைபேசி இலக்கத்தைத் தாளில் கொடுப்பது நல்லதுதான், ஆனால் அது மட்டும் ஏற்பாடு ஆகாது. கிளினிக்கிடம் "அனுப்பினால் பார்ப்போம்" என்று எழுத்தில் வாங்கி இணையுங்கள். கிளினிக் நாள் எது, பஸ் காசு யார் கொடுப்பது என்பதையும் எழுதுங்கள்.

இளம் வைத்தியர்

நான் வேறு மாதிரிச் செய்தேன். வினாக்கொத்து ஆய்வென்றால் "குறைந்தபட்ச ஆபத்து" என்று ஒரு வரி. அன்றாட வாழ்க்கையில் சந்திப்பதைவிடக் கூடுதலில்லை என்றால் போதும்தானே? என்னுடையது முதல் தடவையே அனுமதி ஆனது.

ஓய்வுபெற்ற விரிவுரையாளர்

வரைவிலக்கணம் சரி, தம்பி. உங்களுடையது என்ன ஆய்வு?

இளம் வைத்தியர்

மருத்துவ மாணவர்களின் நித்திரைப் பழக்கம்.

ஓய்வுபெற்ற விரிவுரையாளர்

அதற்கு அது பொருந்தும். இந்தத் தாய்மாருடைய அன்றாடமே துயரமாக இருக்கும்போது அதோடு ஒப்பிட்டால் எதுவும் சிறிதாகத்தான் தெரியும். அவர்கள் கூடுதலாகச் சுமக்கிறார்கள் என்பதற்காக நாங்கள் இன்னும் ஏற்றலாம் என்றாகிவிடும். ஒப்பீடு சாதாரண ஆளின் அன்றாடத்தோடு இருக்கவேண்டும் என்பது என் நிலைப்பாடு. இதில் கமிற்றிக்குள்ளேயே ஒருமித்த கருத்து இருந்ததில்லை.

ஆய்வுகூட உத்தியோகத்தர்

எங்களுக்கும் திருப்பி அனுப்பினார்கள், ஆனால் நன்மைப் பகுதிக்காக. நீரிழிவு ஆய்வு, வெறும் வயிற்றில் 5 மில்லிலீற்றர் இரத்தம். காலைச் சாப்பாடும் 500 ரூபாயும் நன்மை என்று எழுதியிருந்தோம். அது செலவுக்கும் நேரத்துக்குமான ஈடு, ஆபத்தோடு தராசில் வைக்கக்கூடாது என்று சொல்லிப் பணம் பற்றிய பகுதிக்கு மாற்றச் சொன்னார்கள். முடிவைக் கையில் தருவோம் என்பதை மட்டும் நன்மையாக விட்டார்கள். அதற்கும் "எத்தனை நாளில், யார் விளங்கப்படுத்துவார்" என்று கேள்வி வந்தது. வெறும் வயிற்றில் வரும் நீரிழிவுக்காரருக்குச் சீனி இறங்கித் தலைசுற்றலாம் என்பதை நாங்கள் எழுதவேயில்லை. ஊசி நோவை மட்டும் எழுதியிருந்தோம்.

கிளிநொச்சி ஆசிரியர்

சுருக்கினால் அனுமதி கெதியாகக் கிடைக்குமா? நான் அனுப்பி இரண்டு மாதமாகிறது.

வலிகாமம் ஆய்வு மாணவி

கெதியாகக் கிடைக்கும் என்று சொல்லமுடியாது, சேர். வாசிப்பவருக்கு விளங்கவேண்டும் என்றுதான் சுருக்கினேன்.

நன்மைப் பகுதியில் நானும் பிழை விட்டிருந்தேன். "மனப்பாரம் குறையும்" என்று எழுதியிருந்தேன். சிலர் அப்படிச் சொல்வார்கள்தான், ஆனால் அதை நான் வாக்காகக் கொடுக்க முடியாது. இப்போது முதல் வரியே "பங்குபற்றுபவருக்கு நேரடி நன்மை இல்லை." அந்தக் கோப்பு அம்மாவை நினைத்து ஆபத்துப் பக்கத்தில் இதையும் சேர்த்தேன்: "பிள்ளையைத் தேடித்தர வந்தவர்கள் என்று எண்ணி எதிர்பார்ப்பு உண்டாகலாம், பிறகு அது ஏமாற்றமாகலாம்." தமிழ்த் தகவல் தாளிலும் இதே வசனம் இருக்கிறது. முதலில் விண்ணப்பத்தில் நாலு, தாளில் மூன்று என்று இருந்தது.

நாலாவது ஆபத்து இன்னும் என்னை அரிக்கிறது. எங்கள் வாகனம் வாசலில் நின்றால் ஒழுங்கை முழுக்கத் தெரியும். பிறகு யாராவது வந்து "என்ன கேட்டவை?" என்று விசாரிக்கலாம். "அப்படி நடக்காது என்று உறுதி தர எங்களால் இயலாது" என்று எழுதினேன். மேற்பார்வையாளர் அதை எடுக்கச் சொல்கிறார், தாய்மார் பயந்து விலகுவார்களாம்.

வடமராட்சி சமூகப் பணியாளர்

எடுக்காதைங்கோ. விலகுபவர் அதை அறிந்து விலகட்டும். ஆனால் வேண்டுமானால் வீட்டுக்குப் போகாமல், அவர்கள் சொல்லும் இடத்தில் சந்திக்கலாமே? கோயில் மடம், மாதர் சங்கக் கட்டடம் என்று கேட்டுப் பாருங்கோ. வாகனத்தைச் சந்தியிலேயே விட்டுவிட்டு நடந்து போகலாம்.

வலிகாமம் ஆய்வு மாணவி

சந்திக்கும் இடத்தை அவர்களே தெரிவதாக மாற்றி எழுதுகிறேன், அக்கா. வசனம் அப்படியே இருக்கும். திங்கள் மேற்பார்வையாளரைச் சந்தித்துவிட்டு என்ன முடிவென்று எழுதுகிறேன்.