கலைச்சொல் வேண்டும்: வான்கோமைசின் வரிசையில் ‘ரெட் மேன் சிண்ட்ரோம்’

செல்வி:
வணக்கம். செவிலிய மாணவர்களுக்கான ஆன்டிபயாடிக் அட்டவணையில் வான்கோமைசின் வரிசை மட்டும் முடியாமல் நிற்கிறது. ‘பாக்டீரியா செல்சுவர் கட்டவிடாமல் தடுக்கும்’ என்று செயல்முறை எழுதியாயிற்று. சிறுநீரகப் பாதிப்பு, காது மந்தம் ஆகியவையும் பக்கவிளைவில் சேர்ந்துவிட்டன. மருந்து ஏறும்போதே முகம், கழுத்து, மேல்மார்பு சிவந்து அரிப்பெடுக்குமே, அதற்குத்தான் சொல் இல்லை. பழைய வரைவில் ‘செம்மனித நோய்க்குறி’ என்றிருக்கிறது. அப்படியே விடலாமா?

முருகேசன்:
அது ஒவ்வாமைதானே? ஹிஸ்டமின் வெளிவருகிறது, அவில் போட்டால் அடங்குகிறது. ‘வான்கோமைசின் ஒவ்வாமை’ என்று எழுதி, கவனிக்க வேண்டியவை கட்டத்தில் ‘இனி இம்மருந்து கூடாது’ என்று போட்டுவிடுங்கள்.

நஸ்ரின்:
முருகேசன் ஐயா, ஹிஸ்டமின் என்றது சரி. ஆனால் அது வெளிவரும் வழி வேறு. ஒவ்வாமையில் உடல் அந்த மருந்துக்கு எதிராக முன்பே ஆன்டிபாடி உண்டாக்கி வைத்திருக்கும். இங்கே ஹிஸ்டமினைத் தேக்கி வைத்திருக்கும் மாஸ்ட் செல்லை மருந்தே நேராகத் தூண்டிவிடுகிறது. அதனால்தான் முதல் டோஸிலேயே வருகிறது.

சொல்லில் ‘ஒவ்வாமை’ இருந்தால் கேஸ் ஷீட்டில் சிவப்பு மையில் ‘வான்கோ அலர்ஜி’ என்று ஏறிவிடும். பிறகு வழக்கமான ஆன்டிபயாடிக் பலவற்றுக்கும் அடங்காத எம்.ஆர்.எஸ்.ஏ. பாக்டீரியாத் தொற்று வந்தால், கைவசம் இருக்கும் நல்ல மருந்தை யாரும் தொடமாட்டார்கள். பெரும்பாலானவர்களுக்கு நிறுத்தி, அரிப்பு அடங்கிய பின் மெதுவாக ஏற்றினால் அதே மருந்தைத் தொடர முடியும்.

மூச்சில் விசில் சத்தம், நாக்கு அல்லது தொண்டை வீக்கம் இருந்தால் அது உயிருக்கே ஆபத்தான கடும் எதிர்வினையான அனாஃபிலாக்சிஸ் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். பெரியவர்களுக்கு அட்ரினலின் 0.5 மி.கி. தொடைத் தசையில் போட வேண்டும். அவிலை நம்பி நிற்கக் கூடாது. ரத்த அழுத்தம் இரண்டிலுமே இறங்கலாம். அதை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது.

‘செம்மனித’ வேண்டவே வேண்டாம். மாநிறம், கருநிறத் தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. நோயாளி கழுத்தைச் சொறிவதும் ‘உடம்பெல்லாம் எரியுது’ என்பதும்தான் அடையாளம். சிவப்பைத் தேடும் மாணவி அதைக் கோட்டைவிடுவாள். ஆங்கிலத்திலும் அந்தப் பெயரைக் கைவிட்டு வருகிறார்கள்.

கதிர்:
வார்டில் எல்லாரும் ‘டிரிப் ஏத்துறது’ என்றுதான் சொல்கிறோம். அதிலிருந்தே ‘ஏற்றுவேக எதிர்வினை’ என்று எடுக்கலாம். காரணமும் தீர்வும் சொல்லிலேயே வந்துவிடும்.

கணக்கைப் பாருங்கள். நிமிடத்துக்கு 10 மி.கி.க்கு மேல் போகக் கூடாது. 1 கிராமை 200 மி.லி. சலைனில் கலந்தால் ஒரு மி.லி.யில் 5 மி.கி. இருக்கும். அப்படியானால் நிமிடத்துக்கு 2 மி.லி., மொத்தம் 100 நிமிடம். ஒரு மி.லி.க்கு 20 சொட்டு விழும் செட்டில் அது நிமிடத்துக்கு 40 சொட்டு. அதே 1 கிராமை 100 மி.லி. பாட்டிலில் கலந்து அரை மணியில் ஓடவிட்டால் நிமிடத்துக்கு 33 மி.கி. போகிறது. அங்கேதான் சிக்கல். எதிர்வினை அடங்கிய பின், மருத்துவர் சொன்னால், 20 சொட்டில் மறுபடி தொடங்கலாம்.

லதா:
என் அப்பாவுக்கு வயிற்றுப்போக்குக்கு வான்கோமைசின் வாய்வழி கொடுத்தார்கள். ஒரு வாரத்துக்கு மேல் குடித்தும் அரிப்பே இல்லை. அப்படியென்றால் இந்தப் பக்கவிளைவு எல்லாருக்கும் பொருந்தாதுதானே?

நஸ்ரின்:
லதா, வாய்வழி கொடுத்தால் மருந்து குடலிலேயே தங்கிவிடும், ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. சி. டிஃபிசில் வயிற்றுப்போக்குக்கு அதைத்தான் வேண்டுகிறோம். நாம் பேசுவது ரத்தநாளம் வழியாக ஏற்றுவதைப் பற்றி. ஆனால் உங்கள் கேள்வியால் ஒன்று புரிகிறது: அட்டவணையில் இரண்டு வழியையும் தனித்தனியே காட்ட வேண்டும். ரத்தநாளத்தில் ஏற்றினால் அந்த வயிற்றுப்போக்கு குணமாகாது என்பதையும் சேர்க்க வேண்டும்.

கதிர், உங்கள் சொல் பிடித்திருக்கிறது. ஆனாலும் ‘வேகம்’ உறுத்துகிறது. மெதுவாக ஏற்றியும் சிலருக்கு வரும், கூடவே மார்ஃபின் போகிறவர்களுக்கு இன்னும் எளிதாக. சொல்லை நம்பி 40 சொட்டு வைத்துவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விடுவார்கள். ‘ஏற்று எதிர்வினை’ போதும் என்பது என் எண்ணம்.

கதிர்:
வேகத்தை எடுத்துவிட்டால் ரத்தம் ஏற்றும்போது வரும் குளிர்ஜுரமும் அதே பெயருக்குள் வந்துவிடுமே, மேடம்?

செல்வி:
அதனால் மருந்தின் பெயரை முன்னால் சேர்த்து, இப்போதைக்கு இப்படி வைக்கிறேன்:

| பக்கவிளைவு | செவிலியர் கவனிக்க வேண்டியவை |
|---|---|
| வான்கோமைசின் ஏற்று எதிர்வினை (ஒவ்வாமை அன்று) | 1 கிராம் குறைந்தது 100 நிமிடத்தில். அரிப்பு, எரிச்சல் உண்டா என்று கேட்கவும். வந்தால் நிறுத்தி மருத்துவரை அழைக்கவும். மூச்சுத்திணறல் இருந்தால் அனாஃபிலாக்சிஸ். |

முருகேசன்:
ஒவ்வாமை அன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘ஏற்று’ என்பதை மாணவர்கள் ‘ஏற்றுக்கொள்’ என்று படிப்பார்களே. ‘ஏற்றல்’ என்றால் இன்னும் மோசம். ‘சொட்டேற்ற எதிர்வினை’ என்று யாராவது எழுதிப் பார்த்தீர்களா?