வீட்டுத் தையலுக்கு எந்த மெஷின்? கொஞ்சம் அவசரம்

கயல்: வீட்டிலேயே தைத்துக் கொடுக்கத் தொடங்குகிறேன். 25,000 ரூபாய் வரை போடலாம். எந்த மெஷின் நல்லது? கடையில் தள்ளுபடி நாளையோடு முடிகிறது.

செல்வராணி: என்ன தைப்பீர்கள்? ஒரு நாளைக்கு எத்தனை? எந்த ஊர்?

முருகேசன்66: வாராவாரம் இதே கேள்வி. பழைய பதில்களைப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. கறுப்பு மிதி மெஷின் வாங்குங்கள், கரன்ட் போனாலும் ஓடும்.

தீபா: ஜிக்ஜாக் போடும் சின்ன மெஷின் எடுங்க அக்கா. பிகோ, பட்டன் ஓட்டை எல்லாம் அதிலேயே வரும். என்னுடையது நாலு வருஷமாக மக்கர் பண்ணியதில்லை.

செல்வராணி: தினமும் எவ்வளவு நேரம் ஓட்டுவீர்கள் தீபா?

தீபா: பாப்பாவுக்கு மட்டும்தான் தைப்பேன்.

கயல்: சொல்ல மறந்துவிட்டேன். லைனிங் பிளவுஸ்தான், தினம் நாலைந்து. மணப்பாறை பக்கம்.

செல்வராணி: அப்படியானால் சின்ன மெஷின் வேண்டாம். நாள் முழுக்க ஓட்டினால் மோட்டார் சூடேறும். உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்தால் கம்பெனி ஆள் வரும்வரை வேலை நிற்கும். செர்வோ மோட்டார் வைத்த ஒற்றை ஊசி பவர் மெஷின் பாருங்கள். வேகத்தைக் குறைத்து ஓட்டிப் பழகலாம். மிதிக்காதபோது மோட்டார் சுற்றாது, சத்தமும் குறைவு.

ஒரே மாடலில் மெல்லிய துணிக்கு ஒன்று, ஜீன்ஸ் மாதிரி கனத்த துணிக்கு ஒன்று என இரண்டு வரும். கனத்ததைத் தலையில் கட்டிவிடுவார்கள், வாங்காதீர்கள். அதன் பற்கள் பட்டையும் ஷிஃபானையும் சுருக்கிவிடும். உங்கள் துணியையே கடைக்குக் கொண்டுபோங்கள். 11ஆம் நம்பர் ஊசி போட்டு ஒற்றை மடிப்புப் பட்டில் ஒரு கோடு ஓட்டுங்கள். பிறகு 14 போட்டு, கைக்குழியில் தையல்கள் சேரும் தடித்த இடத்தில் ஓட்டுங்கள். முதலாவது சுருங்காமலும் இரண்டாவதில் தையல் விடாமலும் வந்தால் சரி.

பிகோ இதில் வராது. இப்போதைக்கு வெளியே கொடுங்கள்.

முருகேசன்66: செர்வோவா? வோல்டேஜ் ஏறி இறங்கினால் போர்டு போய்விடும். கறுப்பு மெஷினில் போக போர்டே இல்லை.

செல்வராணி: அது உண்மைதான். ஸ்டெபிலைசர் வையுங்கள். ஆனால் தினம் ஐந்து பிளவுஸ் மிதித்தால் முழங்கால் என்ன ஆகும்?

முருகேசன்66: எங்கள் அம்மா முப்பது வருஷம் மிதித்தார்.

ஜாஃபர்: அம்மாவின் முழங்காலையும் கேட்டுச் சொல்லுங்கள் அண்ணா. கயல், பணம் கட்டும் முன் உங்கள் ஊர் மெக்கானிக்கிடம் மூன்று கேள்வி: இந்த மாடலுக்கு ஹுக் டைமிங் வைப்பாரா, போர்டு மாற்றுவாரா, பாபின் கேஸ் கையில் இருக்கிறதா? தயங்கினால் வேறு மாடல் பாருங்கள்.

கயல்: கேட்டேன். டைமிங் வைப்பாராம், போர்டு என்றால் திருச்சிக்குத்தான் அனுப்ப வேண்டுமாம். தள்ளுபடி போனால் போகட்டும், துணியோடு போய்ப் பார்க்கிறேன்.

தீபா: திருப்பூரில் பழைய கம்பெனி மெஷின் பாதி விலைக்குத் தருகிறார்களாமே, அது சரிவருமா?