பிடிஎஃப் துண்டுப்பிரசுரத்தில் அழைப்புப் பொத்தான் மட்டும் அசையவில்லை, உதவுங்கள்

வணக்கம். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் பக்கத்தில் சித்தப்பா நடத்தும் கடைக்கு, பனங்கட்டி, ஒடியல் மா விலைகளோடு ஒரு பக்கத் துண்டுப்பிரசுரம் லிப்ரே ஆபிஸில் செய்திருக்கிறேன். இரண்டு பொத்தான்களுக்கும் கொடுத்த இணைப்புகள் இவை:

```
https://wa.me/9477XXXXXXX
tel:+9477XXXXXXX
```

முதலாவதில் கூட்டல் குறியும் 077இன் முன்பூச்சியமும் வரக் கூடாது. இரண்டாவதில் +94 கட்டாயம். இல்லாவிட்டால் கனடாவில் இருக்கும் மாமி தட்டினால் அந்த நாட்டு எண்ணாகவே டயல் ஆகும். எங்கள் வாடிக்கையாளரில் பாதிப்பேர் வெளிநாட்டில்தானே! பிடிஎஃப் அச்சுப்பொறி வழியாக எடுத்தால் இணைப்புகள் தொலைந்துவிடும் என்பதால் `Export as PDF` மூலமே எடுத்தேன்.

வாட்ஸ்அப் பொத்தான் தட்டிய இடமெல்லாம் திறக்கிறது. அழைப்புப் பொத்தானோ என் கைபேசியில் எண்ணைக் காட்டுகிறது, சித்தப்பாவின் கைபேசியில் மூச்சே விடவில்லை. கோப்பு ஒன்றுதான், திறக்கும் செயலி வேறு. அவருடைய செயலி `https` இணைப்பை மட்டும் ஏற்று `tel:` இணைப்பைத் தட்டிக்கழிக்கிறது என்று சந்தேகப்படுகிறேன்.

அழைப்புப் பொத்தானை ஒரு சிறிய இணையப் பக்கத்துக்குத் திருப்பி, அங்கே `tel:` இணைப்பை வைத்துப் பார்த்தவர் யாரும் உண்டா? கூடுதலாக ஒரு தட்டு என்பது வயதானவர்களைக் குழப்புமா? எண்ணைப் பெரிதாக அச்சிடச் சொல்லாதீர்கள், அது ஏற்கெனவே இருக்கிறது.