“ஏனைய விடயங்கள்” வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருக்கணுமா?

நானுஓயா_மழை: பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துல வாயே திறக்காத ஆள் நான்தான். பதினோராம் ஆண்டுப் பிள்ளைகளோட பின்னேர வகுப்பைக் காலையில வச்சா நல்லம்னு ஒரு யோசனை. சொன்னா சிரிப்பாங்களோன்னு பயம். எப்ப, எப்படிச் சொல்றது?

ஹட்டன்_காரன்: கடைசியில தலைவர் “ஏனைய விடயங்கள் ஏதாவது இருக்கா”ன்னு கேட்பார். அப்ப கையைத் தூக்குங்க. எல்லாரும் கதைச்சுக் களைச்சிருப்பாங்க, எதிர்க்க ஆள் இருக்காது.

கொத்மலை_செயலாளர்: எதிர்க்க ஆள் இருக்காதா? கேட்கவே ஆள் இருக்காது ஐயா! அந்த நேரம் பாதிப் பேர் குடையைத் தேடுவாங்க, மீதிப் பேர் பஸ்ஸை நினைப்பாங்க. தலைவர் “நல்ல யோசனை, பிறகு பார்ப்போம்”னு சொல்லிடுவார். முடிவு எடுக்காததால அறிக்கையிலயும் ஒரு வரி வராது. அடுத்த கூட்டத்துல “போன தடவை சொன்னேனே”ன்னா ஆதாரம் கிடையாது. நிகழ்ச்சி நிரல்ல வகுப்பு நேரம் எந்த இடத்துல வருதோ அங்கதான் சொல்லணும்.

ஹட்டன்_காரன்: அந்த இடத்துலதானே சத்தமானவங்க எல்லாம் கதைக்கிறது. இந்தப் பிள்ளை எங்க நுழையிறது? கடைசிதான் பாதுகாப்பு.

பண்டாரவளை_அக்கா: வாயால ஏன் சொல்லணும்? எழுதி செயலாளர்கிட்ட குடுத்தா முடிஞ்சுது.

கொத்மலை_செயலாளர்: அக்கா சொல்றது பாதி சரி. இரண்டு நாளைக்கு முன்னமே ஒரு வரி எழுதிக் குடுத்தா, நிரல்ல அது ஒரு தலைப்பா வந்துடும், தலைவரே பேர் சொல்லிக் கூப்பிடுவார். அபிவிருத்திச் சங்கத்துல அதிபர்தான் தலைவர், அவருக்கும் முன்னமே தெரிஞ்சிருக்கும். ஆனா தாளை மட்டும் குடுத்துட்டு மூலையில உட்கார்ந்தா, வேற ஒருத்தர் அதையே எடுத்துப் பேசி தன் யோசனை ஆக்கிடுவார். கூப்பிட்டதும் மூணு வசனம் சொல்லணும்: “பின்னேர வகுப்பைக் காலை 6.45க்கு வைப்போம். பின்னேரம் மூடுபனியில பிள்ளைகள் இருட்டுல நடக்குறாங்க. பதினோராம் ஆண்டுக்கு மட்டும் இரண்டு கிழமை பார்த்துட்டு முடிவெடுப்போம்.” அரை நிமிஷம் போதும். முதல் வசனத்துல யோசனை வந்துடணும். “இது பைத்தியக்காரத்தனமா இருக்கலாம், ஆனா...”ன்னு ஆரம்பிச்சா அந்த முதல் சொல்தான் எல்லாருக்கும் நினைவிருக்கும்.

பதுளை_பொடியன்: மேடை பயத்துக்கு வெந்நீர்ல உப்பு போட்டுக் கொப்பளிங்க. தொண்டை திறக்கும். பேச்சுப் போட்டிக்கு நல்லம்.

கொத்மலை_செயலாளர்: தம்பி, இது பேச்சுப் போட்டி இல்ல.

ஹட்டன்_காரன்: செயலாளர் எல்லாரையும் திருத்துவார். இரண்டு கிழமை ஏன்? தைரியம் இல்லாதவன்தான் தவணை கேட்பான்.

கொத்மலை_செயலாளர்: நிரந்தரமா மாத்தச் சொன்னா எதிர்க்க எல்லாருக்கும் காரணம் கிடைக்கும். “இரண்டு கிழமை, ஒரு வகுப்பு”ன்னா வேணாம்னு சொல்றவங்கதான் காரணம் தேடணும். சிரிக்கிறவருக்கும் சிரிக்க இடம் குறைவு. இன்னொண்ணு, கூட்டத்துக்கு முன்னமே ஒருத்தரை வழிமொழியச் சொல்லி வைக்கணும். முன்மொழிஞ்சதும் சபை அமைதியா இருந்தா அந்த அஞ்சு விநாடிதான் ஆளைக் கொல்லும். வழிமொழிய ஆள் இருந்தா அமைதியே வராது.

அப்புறம் கடைசி வரைக்கும் காத்திருக்குற விஷயம். 1987ல டீல், ஸ்ட்ரோபன்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் குழுவா யோசனை சொல்றவங்களை வச்சுச் சோதிச்சாங்க. மத்தவங்க என்ன நினைப்பாங்களோங்கிற பயத்தைவிட, தன் முறை வரும் வரைக்கும் காத்திருக்குறதுதான் யோசனைகளை அதிகமாக் குறைச்சது. காத்திருக்கும்போது மனசுக்குள்ள ஒத்திகை பார்த்துக்கிட்டே இருந்தா அடுத்தவர் சொல்றது காதுல விழாது. அவர் ஏற்கனவே சொன்னதை நீங்க திரும்பச் சொல்லி மாட்டுவீங்க.

ஹட்டன்_காரன்: அது வெளிநாட்டு மாணவர்களை வச்சுச் செஞ்சது. அங்க யாருக்கு தலவாக்கலை பஸ்?

கொத்மலை_செயலாளர்: பஸ்ஸை நான்தான் முதல்ல சொன்னேன். உங்க கடைசி நேரத்துக்கு எதிரா!

பண்டாரவளை_அக்கா: அது இருக்கட்டும், 6.45க்குத் தோட்டத்துல இருந்து எந்தப் பிள்ளை வரும்? குளிர்ல கை விறைச்சிருக்கும். அம்மாமார் அந்த நேரம் மலைக்குப் போற ஆயத்தத்துல.

நானுஓயா_மழை: இதைத்தான் கேட்பாங்கன்னு பயந்தேன்.

கொத்மலை_செயலாளர்: இது சிரிப்பு இல்லம்மா, கேள்வி. ரெண்டையும் ஒண்ணாக் குழப்பாதீங்க. “தூரத்துப் பிள்ளைகள் எத்தனை பேர்னு வகுப்பாசிரியர் எண்ணிச் சொல்லட்டும்”னு பதில் வச்சிருங்க. எண்ணிக்கை தெரியாம நேரத்தைப் பத்தி வாதாட வேணாம். யாராவது சும்மா சிரிச்சா “எந்த இடத்துல கஷ்டம்?”னு மட்டும் கேளுங்க. வாபஸ் வாங்காதீங்க.

ஹட்டன்_காரன்: 7.30க்குப் பாடசாலை தொடங்குது, 6.45க்கு வகுப்பா? யோசனையே சரியில்ல. கடைசியில மெதுவா சொல்லியிருந்தா யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

கொத்மலை_செயலாளர்: அதைத்தான் நான் முதல்ல இருந்தே சொல்றேன்! யாருக்கும் தெரியாமலே போகும்னு!

பதுளை_பொடியன்: உப்பு எவ்வளவு போடணும்னு யாரும் கேக்கலையே?

ஹட்டன்_காரன்: போன வருஷம் தேநீர் விவாதத்துலயும் செயலாளர் இப்படித்தான். ஏனைய விடயங்கள்தான் சரி. அவ்வளவுதான்.