விபத்து அறிக்கையில் ‘கழற்றினார்’ என்று எழுதுவதா, ‘கழற்றப்பட்டது’ என்று எழுதுவதா?

எங்கள் ஆலையில் போன வாரம் ஒரு சின்ன விபத்து, கன்வேயரின் காப்புத் தகடு இல்லாமலேயே பெல்ட் ஓடி ஆபரேட்டர் ஒருவருக்கு விரலில் காயம். அறிக்கை எழுதும் வேலை என் தலையில்.

முதலில் இப்படி எழுதினேன்: “தகடு கழற்றப்பட்டது, மீண்டும் பொருத்தப்படவில்லை, கன்வேயர் இயக்கப்பட்டது.” யார் என்றே தெரியவில்லை, பேயா கழற்றியது என்று மேலாளர் திருப்பி அனுப்பிவிட்டார். சரி என்று “ஃபிட்டர் தகட்டை மாட்டாமல் விட்டுவிட்டார்” என்று மாற்றினால், ஃபிட்டர் கையெழுத்துப் போட மறுக்கிறார். அவர் கோபமும் நியாயம்தான், அந்த ‘விட்டுவிட்டார்’ நடந்ததைச் சொல்வதோடு நிற்காமல் அவர்மேல் பழியையும் போடுகிறது.

இப்போது பெயர் இல்லாமல் பதவியை மட்டும் வைத்து, உறுதியாகத் தெரிந்த செயல்களைச் செய்வினையில் எழுதியிருக்கிறேன்: “10.40க்கு ஃபிட்டர் உருளையை மாற்றத் தகட்டைக் கழற்றினார். 11.15க்கு ஷிப்ட் எலக்ட்ரீஷியன் மின்சாரம் கொடுத்தார்.” இதுவரை இருவருக்கும் ஆட்சேபம் இல்லை.

சிக்கல் நடுவில்தான். தகட்டை யார் திரும்ப மாட்ட வேண்டும் என்று வேலை அனுமதிச் சீட்டில் இல்லை, ‘வேலை முடிந்தது’ கட்டமும் காலி. “ஃபிட்டர் பொருத்தவில்லை” என்றால் அது அவர் கடமை என்று ஆகிவிடும், “பொருத்தப்படவில்லை” என்றால் மழுப்பல். “11.15க்குத் தகடு தரையில் இருந்தது, அதைப் பொருத்தும் பொறுப்பைச் சீட்டு யாருக்கும் கொடுக்கவில்லை” என்று எழுதலாமா, அல்லது சீட்டு தயாரித்த சூப்பர்வைசரை (அது நான்தான்!) எழுவாயாக வைக்க வேண்டுமா? இப்படி அறிக்கை எழுதியவர்கள் அந்த ஒரு வாக்கியத்தை எப்படி அமைத்தீர்கள் என்று சொல்லுங்கள்.